வாக்கியம் எங்கே மூச்சு விடுகிறது: உரைநடை ஓசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம் என்கிற எங்கள் ஊரில், வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலைகளில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். அவரவர் எழுதியதை அவரவரே சத்தமாகப் படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் ஏற்பாடு. படகுக்காரர் ஒருவர் வருவார், கீழக்கரையில் இருந்து ஓர் ஆசிரியை வருவார், கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். அங்கே திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீள வாக்கியம்தானே பிரச்சினை, எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக வெட்டினால் போதாதா?

போதாது. வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பத்து வாக்கியம் தாண்டுவதற்குள் காது அலுத்துவிடும். ஒரே அளவில் வரும் அலையை எண்ணிக்கொண்டிருந்தால் தூக்கம் வருகிறதே, அது மாதிரி. தவிர, வாக்கியங்களை வெட்டும்போது அவற்றுக்கு நடுவில் இருந்த தொடர்பும் அறுந்துபோகிறது. ‘காற்று மாறியதால் வலையைச் சீக்கிரம் இழுத்தோம்’ என்றால் காரணம் உள்ளேயே இருக்கிறது. ‘காற்று மாறியது. வலையை இழுத்தோம்.’ என்றால் அந்தக் காரணத்தைப் படிக்கிறவர்தான் ஊகிக்க வேண்டும். ஒரு இடத்தில் ஊகிக்க வைப்பது அழகு. பக்கம் முழுக்க ஊகிக்க வைத்தால் அது வேலை.

ஒரு வாக்கியத்தில் எத்தனை வார்த்தை வரைக்கும் போகலாம்?

தமிழுக்கு வார்த்தைக் கணக்கு சரியாக உதவாது. ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்பது கணக்குக்கு ஒரே வார்த்தை, ஆனால் வாய்க்கு அது ஒரு முழு நடை. ‘நீ வா, நான் தருகிறேன்’ நாலு வார்த்தை, அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும். அதனால் நான் மூச்சைத்தான் அளவாக வைத்துக்கொள்கிறேன்.

செய்வது எளிது. எழுதியதை அச்செடுத்தோ நோட்டில் எழுதியோ வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் ஒருவருக்குச் சொல்கிற வேகத்தில் படியுங்கள். மூச்சு இழுக்கிற ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஒரு சாய்கோடு போடுங்கள். பெரும்பாலும் அஞ்சாறு வார்த்தைக்கு ஒரு கோடு விழும். இப்போது பாருங்கள்: ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று கோடு இருந்தால் பரவாயில்லை, கோடுகள் கமாவிலோ ஒரு எச்சத்தின் முடிவிலோ விழுந்தால் நல்லது. கோடு இரண்டு ஒட்டிய சொற்களுக்கு நடுவில், அதாவது ‘பழைய / வலையை’ என்கிற மாதிரி விழுந்தால், வாக்கியம் உங்களை மூச்சுத் திணற வைத்திருக்கிறது. திருத்த வேண்டிய இடம் அதுதான். அது எட்டு வார்த்தை வாக்கியமாகவும் இருக்கலாம்.

என் வாக்கியம் அப்படி ஒன்றும் நீளமில்லை, இலக்கணமும் சரி. ஆனாலும் எல்லோரும் இரண்டு தடவை படிக்கிறார்கள், ஏன்?

பெரும்பாலும் பெயரெச்சம் அடுக்கி வைத்திருப்பீர்கள். தமிழில் ஒரு பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டியது எல்லாம் அந்தப் பெயருக்கு முன்னால் வந்து நிற்கும், வினைமுற்று கடைசியில் வரும். அதனால் படிக்கிறவர் கையில் சாமானை வாங்கிக்கொண்டே போகிறார், எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல். திண்ணையில் ஒரு முறை வந்த வாக்கியம் இது:

‘ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள் நீடித்த தடைக்காலம் முடிந்த மறுநாள் பாம்பனில் இருந்து கிளம்பிய விசைப்படகில் முதன்முறையாகக் கடலுக்குப் போன என் அக்கா மகன் வாந்தி எடுத்தான்.’

21 வார்த்தைதான். ஆனால் இது யாரைப் பற்றிய வாக்கியம் என்பது 16 வார்த்தை கடந்த பிறகுதான் தெரிகிறது. நீடித்த, முடிந்த, கிளம்பிய, போன என்று நாலு பெயரெச்சம். ஒவ்வொன்றும் ஒரு தனிச் செய்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறது, நாலும் ஒரு பையன் தலையில் போய் இறங்குகிறது. அதை எழுதியவரே அன்றைக்கே மாற்றினார்:

‘தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள். அது முடிந்த மறுநாளே பாம்பனில் இருந்து விசைப்படகுகள் கிளம்பின, ஒன்றில் என் அக்கா மகனும் ஏறிக்கொண்டான். அவனுக்கு அதுதான் முதல் கடல். வலை போடும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வாந்தி.’

நான் வைத்திருக்கும் கணக்கு: ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு பெயரெச்சம் தாங்கும். மூன்றாவது வந்தால் அதை எடுத்துத் தனி வாக்கியமாக நிறுத்திப் பாருங்கள். எப்போதும் நிறுத்தியே தீர வேண்டும் என்றில்லை, நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அப்படியென்றால் ‘எழுந்து, குளித்து, சாப்பிட்டு, கிளம்பி’ என்று போகிற வாக்கியமும் தப்பா?

இல்லை, அது தமிழின் பெரிய சொத்து. பெயரெச்சம் சாமானைத் தலையில் ஏற்றுகிறது என்றால், வினையெச்சம் ஆளை நடக்க வைக்கிறது. எது முதலில் நடந்ததோ அது முதலில் வருகிறது, அடுத்தது அடுத்து வருகிறது. படிக்கிறவர் எதையும் சுமந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை, கூடவே நடந்தால் போதும். ‘வத்தையைத் தள்ளி, ஏறி, பாயை விரித்து, தீவைக் கடந்து, மீன் இருக்கும் இடம் பார்த்து வலை இறக்கினார்கள்’ என்பதை ஒரு சிறு பிள்ளைகூடத் தடுமாறாமல் கேட்கும். கதை சொல்லும் பாட்டிகள் இந்தச் சங்கிலியை வைத்துத்தான் மணிக்கணக்கில் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ‘செய்து’ என்ற வடிவில் வரும் எச்சமும் கடைசி வினைமுற்றும் ஒரே ஆளுடைய வேலையாக இருக்க வேண்டும். ‘மாமா வலையை இழுத்து மீன் துள்ளிப் படகில் விழுந்தது’ என்று எழுதினால் காது எங்கோ தட்டும், காரணம் தெரியாமல்கூடத் தட்டும். இழுத்தது மாமா, விழுந்தது மீன். ஆள் மாறும் இடத்தில் எச்சத்தையும் மாற்ற வேண்டும்: ‘மாமா வலையை இழுக்க, மீன் துள்ளிப் படகில் விழுந்தது.’ இப்போது நேராகிவிட்டது. ஓசை சரியில்லை என்று என்னிடம் கொண்டுவரும் நீள வாக்கியங்களில் நிறைய இந்தப் பிழைதான். நீளம் அல்ல, நடுவில் ஆள் மாறியதுதான் காரணம்.

இன்னொன்று, சங்கிலி எங்காவது போய்ச் சேர வேண்டும். ஆறு எச்சம் கோத்துவிட்டு ‘...இருந்தார்கள்’ என்று முடித்தால் அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டி வந்து வெறும் வாசலில் நிறுத்திய மாதிரி ஆகும். சங்கிலி நீள நீள, கடைசி வினைக்குக் கனம் வேண்டும்.

ஒரு பத்தியை எடுத்து, ஆரம்பத்தில் இருந்து திருத்திக் காட்ட முடியுமா?

நான் எழுதியதையே எடுக்கிறேன். பாம்பன் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றிய ஒரு பத்தி. முதல் வரைவு:

‘பாசி எடுக்கப் போகும் பெண்கள் அதிகாலையில் எழுகிறார்கள். அவர்கள் சமையலை முடித்து வைக்கிறார்கள். அவர்கள் வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் செல்கிறார்கள். அவர்கள் விரல்களில் துணி சுற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் செல்கிறார்கள். பாறைகள் விரல்களைக் கிழிக்கின்றன.’

ஏழு வாக்கியம். வார்த்தைகளை எண்ணினால் 6, 4, 6, 4, 4, 5, 3. ஐந்து வாக்கியம் ‘அவர்கள்’ என்று தொடங்குகிறது, ஆறு ‘கிறார்கள்’ என்று முடிகிறது. தமிழில் எழுவாயைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையே இல்லை, வினைமுற்றே யார் என்று சொல்லிவிடும். ஆக அந்த ஐந்து ‘அவர்கள்’ஐயும் எடுத்துவிடலாம். எடுத்துப் பார்த்தேன், கொஞ்சம் லேசானது, ஆனால் ‘கிறார்கள், கிறார்கள்’ இன்னும் பளிச்சென்று கேட்டது.

அடுத்து எல்லாவற்றையும் சேர்த்துவிடலாம் என்று தோன்றியது:

‘அதிகாலையில் எழுந்து சமையலை முடித்து வைத்துவிட்டு வல்லத்தில் ஏறித் தீவுப் பக்கம் செல்லும், விரல்களில் துணி சுற்றி இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கித் தண்ணீருக்குள் இறங்கும் பெண்களின் விரல்களைப் பாறைகள் கிழிக்கின்றன.’

இது முதல் வரைவைவிட மோசம். பெண்கள் வந்து சேர்வதற்கு முன்னால் 20 வார்த்தை. அதோடு, அவர்கள் செய்கிற அத்தனை வேலையும் பாறை கிழிப்பதற்கு ஒரு முன்னுரையாகச் சுருங்கிவிட்டது. ஓசை மட்டுமில்லை, பொருளும் கெட்டது.

மூன்றாவது தடவை, அந்த வேலையை அப்படியே மனதில் ஓட விட்டேன். எங்கே நேரம் நீள்கிறது, எங்கே சட்டென்று முடிகிறது என்று பார்த்தேன். காலை வேலை ஒரே ஓட்டம். துணி சுற்றுவதும் பை கட்டுவதும் இரண்டு சின்ன அசைவு. தண்ணீருக்குள் இருக்கும் நேரம்தான் நீளம்.

‘பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். சமையலை முடித்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்துவிட்டு, வல்லம் ஏறித் தீவுப் பக்கம் போய்ச் சேரும்போது வெயில் ஏறியிருக்கும். விரல்களில் துணி. இடுப்பில் பை. மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, பாறையைத் தடவிப் பாசியைப் பறித்து, பையில் திணித்து, மூச்சு முட்டும்போது மேலே வருகிறார்கள். மறுபடி இறங்குகிறார்கள். துணியையும் மீறிப் பாறை விரலைக் கிழித்துவிடும்.’

வார்த்தைக் கணக்கு இப்போது 8, 13, 2, 2, 13, 2, 5. இந்த எண்களைக் குறிவைத்து நான் எழுதவில்லை, முடித்த பிறகு எண்ணிப் பார்த்தது. ‘விரல்களில் துணி, இடுப்பில் பை’ என்று ஒரே வாக்கியமாக எழுதிப் பார்த்தேன், கடைச் சாமான் பட்டியல் மாதிரி ஓடியது. முற்றுப்புள்ளி வைத்ததும் இரண்டும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்தன. ‘மூச்சை அடக்கிக்கொண்டு’ என்று தொடங்கும் வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கும்போது நமக்கும் கடைசியில் மூச்சு குறைகிறது, ‘மேலே வருகிறார்கள்’ என்ற இடத்தில் நாமும் இழுத்துக்கொள்கிறோம். அதைச் சுருக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு எல்லா வாக்கியமும் ‘இருந்தது, இருந்தது’ என்றே முடிகிறது, என்ன செய்ய?

நீளத்தை மாற்றியும் ஓசை மாறவில்லை என்றால் இதுதான் காரணம். தமிழ் வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் காதில் தங்கும், அது ஒன்றாகவே இருந்தால் நீள வாக்கியமும் குறு வாக்கியமும் ஒன்றுபோலக் கேட்கும்.

முதலில், அந்த ‘இருந்தது’ வேண்டுமா என்று பாருங்கள். ‘அவர் ஊர் தொண்டியாக இருந்தது’ என்று எழுதத் தேவையில்லை. ‘அவர் ஊர் தொண்டி.’ வினையே இல்லாத வாக்கியம் தமிழில் முழு வாக்கியம்தான், குறையொன்றும் கிடையாது. அப்புறம், வழக்கமாக நடப்பதற்கு ‘உம்’ இருக்கிறது. ‘வாடைக்காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருந்தது’ என்பதை ‘கொந்தளிக்கும்’ என்று முடிக்கலாம், அர்த்தமும் கூர்மையாகிறது. யாராவது பேசியிருந்தால் அந்தப் பேச்சையே வைக்கலாம். ‘கடல் சரியில்லை என்று அப்பா சொல்லியிருந்தார்’ என்பதற்குப் பதில், ‘‘இன்னைக்குக் கடல் சரியில்லைப்பா’ என்றார் அப்பா.’ இங்கே பெயர் கடைசியில் வந்துவிட்டது, ஓசை தானாக மாறிவிட்டது.

வினைக்குப் பின்னால் ஒரு துண்டை ஒட்டுவதும் உண்டு. ‘கிளம்பிவிட்டார், சாப்பிடாமலே.’ நாம் பேசும்போது இப்படித்தான் பேசுகிறோம். எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஒன்று போதும், இரண்டாவது வந்தால் அது பாவனையாகத் தெரிய ஆரம்பிக்கும்.

குட்டி வாக்கியத்தை எங்கே வைத்தால் எடுபடும்?

நீளமான ஒன்று முடிந்து, படிக்கிறவர் மூச்சு விடுகிற அந்த இடத்தில். தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது இப்படி ஓர் இடம் வந்தது:

‘1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயலில் ரயில் நிலையம், தேவாலயம், வீடுகள் என்று ஊரே அலைக்குள் போனது. பாம்பனில் இருந்து கிளம்பிய ரயில் வந்து சேரவில்லை.’

இரண்டாவது வாக்கியத்தில் அலங்காரம் எதுவும் இல்லை. அதை எழுதிய கல்லூரிப் பெண், முதல் வரைவில் அதற்கு அப்புறம் ‘யாரும் மிஞ்சவில்லை. எல்லாம் முடிந்தது. கடல் அமைதியானது.’ என்று இன்னும் மூன்று சின்ன வாக்கியம் வைத்திருந்தாள். படித்து முடித்ததும் அவளே சொன்னாள், ‘அக்கா, ரயிலோடயே நின்னிருக்கணும்’ என்று. ஒரு குட்டி வாக்கியம் நிறுத்துகிறது. அடுத்தடுத்து நாலு வந்தால் எதுவும் நிற்பதில்லை, மேளம் தட்டுகிற மாதிரி ஆகிவிடுகிறது. அதோடு அந்த மூன்றும் தகவலாகப் பார்த்தாலும் அவள் உறுதியாகச் சொல்லக்கூடியவை அல்ல, ஓசைக்காக வந்தவை. ஓசைக்காக மட்டும் வந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும்.

சத்தமாகப் படித்தால் நன்றாக இருப்பது செல்போனில் ஏன் அடைசலாகத் தெரிகிறது?

காதுக்கு வரி கிடையாது, கண்ணுக்கு உண்டு. செல்போன் திரையில் ஒரு வரிக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைதான் பிடிக்கும். பாசிப் பத்தியின் இரண்டாவது வரைவாக வந்த அந்த 24 வார்த்தை வாக்கியத்தைத் திரையில் பார்த்தால் அஞ்சாறு வரி, வினைமுற்று எங்கோ கீழே. ஆகவே திரைக்கு எழுதும்போது நீள வாக்கியத்தைத் தவிர்க்க வேண்டியதில்லை, ஆனால் இரண்டு நீள வாக்கியத்தை அடுத்தடுத்து வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

நீண்ட கூட்டுச்சொற்களையும் பாருங்கள். ‘பேசிக்கொண்டிருந்தபோதுதான்’ என்பது வரியின் கடைசியில் இடமில்லாமல் மொத்தமாக அடுத்த வரிக்குப் போகும், மேலே பாதி வரி காலியாகக் கிடக்கும். ‘பேசிக்கொண்டிருந்த போதுதான்’ என்று பிரித்தால் பொருள் கெடாது, வரியும் நிறையும். இரண்டு ஓரமும் நேராக இருக்கும்படி எழுத்தை இழுத்து அமைத்தால் இன்னும் மோசம், தமிழ்ச் சொற்களின் நீளத்தால் நடுவில் பெரிய பெரிய ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும்.

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனிப் பத்தியாகப் போடுகிறார்கள் சிலர். வேண்டாம். பத்தியின் இடைவெளி ஒரு பெரிய மூச்சு, ஒவ்வொரு வரிக்கும் அதை எடுத்தால் களைப்புதான் வரும்.

நானே படித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் கேட்கிறது, பிழை எப்படித் தெரியும்?

எழுதியவர் வாய் தன் வாக்கியத்தைக் காப்பாற்றிவிடும். எங்கே அழுத்த வேண்டும், எங்கே ஓட வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரியும். அதனால் அதை முன்னால் பார்க்காத ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், நீங்கள் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர் தடுக்கிய இடம், திரும்பப் போய்ப் படித்த இடம், குரல் இறங்க வேண்டிய இடத்தில் ஏறிய இடம், இந்த மூன்றை மட்டும் குறித்தால் போதும். ‘எப்படி இருந்தது’ என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்றால் செல்போனில் பதிவு செய்து, இரண்டு நாள் கழித்துக் கேளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் கேட்க வேண்டும். உங்கள் மனம் வேறு எங்கோ போய்விட்டது என்று உணர்கிற இடத்தில் நிறுத்தி, அந்தப் பத்தியை எடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் அங்கே மூன்று வாக்கியமாவது ஒரே நீளத்தில், ஒரே முடிவோடு இருக்கும்.

எல்லா எழுத்துக்கும் இந்த ஏற்ற இறக்கம் வேண்டுமா?

வேண்டாம். பாம்பனில் இருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியின் நேயர்களில் பெரும்பாலோர் மீனவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு காற்று எச்சரிக்கை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘மன்னார் வளைகுடாவில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும். இடையிடையே 65 கிலோமீட்டர் வரை கூடும். யாரும் கடலுக்குப் போக வேண்டாம்.’ இங்கே எல்லா வாக்கியமும் ஏறத்தாழ ஒரே நடை, எல்லாம் வினையோடு முடிகின்றன, அப்படித்தான் இருக்க வேண்டும். கேட்கிறவர் வலையைச் சுருட்டிக்கொண்டே, எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் கேட்பார். அடுத்த செய்தி எங்கே தொடங்குகிறது என்று அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அதற்குச் சமமான நடைதான் உதவும். மருந்து சாப்பிடும் முறை, படிவம் நிரப்பும் முறை, சமையல் குறிப்பின் செய்முறை, இவையும் அப்படித்தான். அந்தச் சமையல் குறிப்புக்கு மேலே, அந்தக் கணவாய்க் குழம்பை உங்கள் அம்மா எப்படி வைப்பார் என்று எழுதுகிறீர்களே, அந்தப் பத்திக்குத்தான் சாய்கோடும் பென்சிலும்.